எண்களை விரும்பாத கடைக்காரருக்குக் கிழமைக் கணக்கு மின்னஞ்சல்: நான்கு வடிவங்களில் எது?

மாங்குளத்தில் ஏ9 வீதியோடு முல்லைத்தீவு வீதி வந்து சேர்கிறது. அப்படிப்பட்ட ஒரு சந்தியில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவருக்கு ஊர்ச்சனமும் வரும், கந்தோர்க்காரரும் வருவார்கள், யாழ்ப்பாணம் போகிற வானும் திடீரென்று வந்து நிற்கும். இப்போது இப்படியான பல கடைகளில் பில் மெஷின் இருக்கிறது. பில் மெஷின் இருந்தால் கணக்கும் தானாகவே சேருகிறது. அந்தக் கணக்கைக் கிழமைக்கு ஒரு தடவை முதலாளிக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும் என்று வரும்போதுதான் சிக்கல். முதலாளிக்கு எண்கள் பிடிக்காது.

வன்னியில் சில கடைகளுக்கு நான் இந்த வேலையைச் செய்கிறேன். எண்கள் பிடிக்காது என்று சொல்கிற அக்காமாரைக் கொஞ்சம் கவனித்தால் ஒன்று தெரியும். எத்தனை கிலோ அரிசி போட்டது, எத்தனை பார்சல் போனது, சட்டியில் எவ்வளவு மிஞ்சியது என்பதையெல்லாம் கொப்பி பார்க்காமலே சொல்வார்கள். அவர்களுக்குப் பிடிக்காதது வீதமும் சராசரியும். எந்தச் சட்டியிலிருந்து வந்தது என்று தெரியாத எண்தான் வேண்டாம் என்கிறார்கள். எந்த வடிவில் மின்னஞ்சல் அனுப்புவது என்று முடிவெடுக்க இது முக்கியம்.

நான்கு வழிகள் உண்டு. பில் மெஷின் தரும் அட்டவணையை அப்படியே அனுப்பலாம். அதையே வரைபடமாக்கி, நிறமும் அம்புக்குறியும் போட்டு அனுப்பலாம். ஒருவர் இருந்து நாலைந்து வசனத்தில் கடிதமாக எழுதலாம். இல்லையென்றால், ஏதாவது பிசகினால் மட்டும் எச்சரிக்கை அனுப்பி, மற்றக் கிழமைகளில் பேசாமல் இருக்கலாம். நான்கையும் ஒரே கிழமையின் கணக்கில் வைத்துப் பார்ப்போம். கீழே வரும் எண்கள் விளங்குவதற்காக நான் வைத்தவை. ஆனால் நடப்பது இப்படித்தான்.

கடையில் கிழமை நாட்களில் மதியத்துக்கு 14 கிலோ அரிசி போடுகிறார்கள். அந்த அக்காவின் கணக்கில் ஒரு கிலோவுக்கு ஏழு சாப்பாடு. அப்படியென்றால் 98 சாப்பாடு. புதன்கிழமைகளில் கடந்த எட்டுக் கிழமைகளாக 78க்கும் 95க்கும் இடையில் போயிருக்கிறது. வழமையாக 87 அளவில். வியாழனில் 79க்கும் 93க்கும் இடையில், வழமையாக 86 அளவில். மிச்சம் வேலையாட்களின் சாப்பாட்டுக்குப் போய்விடும், பெரிய நட்டமில்லை. பிறகு பக்கத்து வைத்தியசாலையில் ஒரு கிளினிக் நாளைப் புதனிலிருந்து வியாழனுக்கு மாற்றுகிறார்கள். கிளினிக்குக்கு வருகிறவர்களும் கூட வருகிறவர்களும் மதியம் இந்தக் கடையில்தான் சாப்பிடுவார்கள். அடுத்த இரண்டு கிழமைகளில் புதன் 73, 71 என்று விழுகிறது. வியாழன் இரண்டு கிழமையும் 98. கடை முதலாளி இன்னும் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. புதனில் சோறு கூட மிஞ்சுவதாகச் சமையல்காரர் முணுமுணுத்திருப்பார், அவ்வளவுதான்.

இனி அட்டவணை. பில் மெஷினின் மென்பொருளே ஞாயிறு இரவு பிடிஎஃப் கோப்பு ஒன்றை அனுப்பிவிடும். யாரும் மினக்கெட வேண்டாம், செலவும் இல்லை. அதன் மேல் வரியில் இந்தக் கிழமை மதியச் சோறு 607 என்றும், வழமை 611 என்றும், 0.7 வீதம் குறைவு என்றும் இருக்கும். புதன் குறைந்ததும் வியாழன் கூடியதும் ஒன்றையொன்று விழுங்கிவிட்டன. எண்களை விரும்புகிறவர்கூட அந்த வரியோடு கோப்பை மூடிவிடுவார். கீழே நாள்வாரி அட்டவணை இருக்கும்தான். ஆனால் கைபேசியில் அதைப் பார்க்க விரலால் இடமும் வலமும் இழுக்க வேண்டும். சமையலறை வாசலில் நின்றுகொண்டு யார் இழுப்பது?

அட்டவணை வழியில் இன்னொரு பொறி இருக்கிறது. சில மென்பொருள்கள் நேரத்தை உலகப் பொது நேரத்தில் வைத்து நாளை வெட்டுகின்றன. நமது நேரம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. அப்படியானால் அறிக்கையில் ஒரு நாள் தொடங்குவது நமது காலை 5.30க்கு. இரவு பஸ்களை நம்பி விடியக் காலை ஐந்து மணிக்குக் கடை திறப்பவருக்கு, முதல் அரை மணித்தியாலத் தேத்தண்ணியும் பணிஸும் முதல் நாள் கணக்கில் போய் விழும். திங்கள் விடியற்கால விற்பனை ஞாயிறில் இருக்கும், கிழமையே மாறிவிடும். கண்டுபிடிப்பது லேசு. அறிக்கையில் ஒவ்வொரு நாளின் முதல் பில் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். ஒரு நாளும் 5.30க்கு முந்திய பில் இல்லையென்றால், அல்லது நாளின் கடைசிப் பில் மறுநாள் விடியக் காலை 5.20 என்று நின்றால், இதுதான் நடக்கிறது. மென்பொருளின் அமைப்பில் நேர வலயத்தை `Asia/Colombo` என்று மாற்றினால் சரி. எந்த வடிவத்தில் மின்னஞ்சல் அனுப்பினாலும் இதை முதலில் பார்க்க வேண்டும். அட்டவணையை அப்படியே அனுப்புகிறவர்தான் இதைப் பார்க்காமல் விடுவார்.

வரைபடத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. எண் பிடிக்காதவருக்குப் படம் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏழு கம்பங்களில் ஒன்று குட்டையாகவும் ஒன்று நெட்டையாகவும் இருப்பதைப் படம் காட்டும் என்பது உண்மை. அட்டவணையைவிட அந்தளவுக்கு நல்லது. ஆனால் வியாழன் கம்பம் ஏன் 98இல் நின்றது என்று படம் சொல்லாது. பச்சை அம்பு போட்டு "வியாழன் நல்லது" என்று காட்டும். அக்காவும் சந்தோஷப்படுவார். உண்மையில் அது நல்ல செய்தி மட்டுமில்லை. ஏன் என்று கீழே வருகிறேன். தொழில்நுட்பக் கஷ்டங்களும் உண்டு. டேட்டாவை மிச்சம் பிடிக்கப் படங்களைத் தானாகத் திறக்காமல் வைத்திருப்பவர்களுக்கு வெறும் பெட்டிதான் தெரியும். நிறமும் அலங்காரமும் கூடி மின்னஞ்சலின் எழுத்துப் பகுதி 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் அதை நடுவில் வெட்டி, மீதியைப் பார்க்க ஒரு இணைப்பை வைத்துவிடும். அந்த இணைப்பை யாரும் அமத்துவதில்லை.

எச்சரிக்கை மட்டும் அனுப்பும் வழி முதல் பார்வையில் எண் பிடிக்காதவருக்கென்றே செய்தது போலிருக்கும். எல்லாம் வழமைபோல் நடந்தால் தொந்தரவு இல்லை. பிசகினால் மட்டும் ஒரு வரி. கேள்வி என்னவென்றால், எதைப் பிசகு என்பது?

பலர் வைக்கும் விதி, கடந்த எட்டுக் கிழமைகளின் அதே நாளோடு ஒப்பிட்டு, அதிலுள்ள மிகக் குறைந்ததைவிடக் குறைந்தாலோ மிகக் கூடியதைவிடக் கூடினாலோ எச்சரிக்கை அனுப்புவது. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடையில் ஒரு மாற்றமும் இல்லாவிட்டாலும், ஒன்பது கிழமைகளில் ஏதோ ஒரு கிழமைதான் அடியில் இருக்கும், ஏதோ ஒன்றுதான் உச்சியில் இருக்கும். அது இந்தக் கிழமையாக இருக்க ஒன்பதில் இரண்டு வாய்ப்பு. ஏழு நாளின் மதியச் சோற்றை மட்டும் இப்படிப் பார்த்தாலே, காரணமில்லாமல் கிழமைக்கு ஒன்று அல்லது இரண்டு எச்சரிக்கை வரும். கொத்து, இடியப்பம், தேத்தண்ணி என்று சேர்த்தால் சொல்லத் தேவையில்லை. ஒரு மாதத்துக்குள் அந்த மின்னஞ்சலைத் திறக்காமலே அழிக்கப் பழகிவிடுவார்கள்.

இரண்டு கிழமை தொடர்ந்து ஒரே பக்கமாக எல்லைக்கு வெளியே போனால் மட்டும் அனுப்புவது என்று விதியை இறுக்கலாம். அது வெறும் தற்செயலாக நடக்க 45இல் 2 வாய்ப்பு. விரிதாளில் இப்படி ஒரு வரி போதும். B முதல் I வரை பழைய எட்டுக் கிழமைகள், J போன கிழமை, K இந்தக் கிழமை:

```
=IF(MAX(J2:K2)<MIN(B2:I2),"குறைவு",IF(MIN(J2:K2)>MAX(B2:I2),"கூட","வழமை"))
```

நமது கடையில் புதன் வரிசைக்கு "குறைவு" என்றும், வியாழன் வரிசைக்கு "கூட" என்றும், மற்ற நாட்களுக்கு "வழமை" என்றும் வரும். விதி வேலை செய்கிறது. அப்படியிருந்தும் ஏழு வரிசைக்கு இந்த விதியை வைத்தால், ஏறத்தாழ மூன்று கிழமைக்கு ஒரு தடவை பொய் எச்சரிக்கை வரத்தான் செய்யும். அதோடு, உண்மையான எச்சரிக்கை வரும்போதும் அது சொல்வது "புதன் குறைவு, வியாழன் கூட" என்பதை மட்டும்தான். அதைக் கேட்டு அக்கா என்ன செய்வார்?

மௌனத்துக்கும் ஒரு பிரச்சினை இருக்கிறது. நாலு கிழமை மின்னஞ்சல் வராவிட்டால், எல்லாம் சரியாக இருப்பதால் வரவில்லையா, இணைய இணைப்புப் போனதால் வரவில்லையா என்று முதலாளிக்குத் தெரியாது. பில் மெஷின் இரண்டு நாள் கணக்கை ஏற்றாமல் நின்றிருந்தாலும் மௌனம் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

இந்த இடத்தில் வன்னியின் நாட்காட்டியையும் சொல்ல வேண்டும். எந்தச் சூத்திரத்துக்கும் அது தெரியாது. போயா நாள் மாதாமாதம் வேறு வேறு கிழமை நாளில் விழும். அன்று கந்தோர்களும் பாடசாலைகளும் மூடியிருக்கும், மதியச் சோறு சரியும். போயா வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் நீண்ட விடுமுறை, தெற்கிலிருந்து வான்கள் வடக்கே வரும், கடை நிரம்பும். ஆகஸ்ட் 15இல் மடு மாதா திருவிழா. நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் மச்சம் தொடாத வீடுகள் எத்தனை! அந்த நாட்களில் கோழிக் கறி குறைந்ததென்று எச்சரிக்கை அனுப்பினால் சிரிப்பார்கள். காலபோக அறுவடை வந்தால் வெட்டு மெஷின்காரரும் லொறிக்காரரும் பார்சல் கட்டுவார்கள், அது முடிந்ததும் அப்படியே இறங்கிவிடும். இந்த நாட்களை எட்டுக் கிழமை வரிசையிலிருந்து எடுத்துவிட்டு, அவற்றுக்கு முந்திய சாதாரணக் கிழமையைப் போட வேண்டும். எந்த நாளை எடுப்பது என்பதை ஊரில் இருக்கிற ஒரு ஆள்தான் சொல்ல முடியும்.

ஆகவே நான் நிற்பது கடிதத்தின் பக்கம். எச்சரிக்கையின் விதியை வைத்துச் சலித்துவிட்டு, மிஞ்சியதை ஒரு ஆள் பார்த்து எழுதுகிற கடிதம். அதற்குக் கிழமைக்கு அரை மணித்தியாலம் போகும். அந்த அரை மணித்தியாலத்தில் செய்ய வேண்டிய முக்கிய வேலை, விற்றதையும் கேட்டதையும் பிரித்துப் பார்ப்பது.

வியாழன் 98 என்றேன் அல்லவா? 14 கிலோ அரிசியில் வரக்கூடியதே 98தான். இரண்டு கிழமையும் சரியாக அதே எண்ணில் நிற்கிறதென்றால், அது வந்த ஆட்களின் கணக்கு அல்ல, சட்டியின் அளவு. சோறு முடிந்த பிறகு வந்தவர்களுக்குப் பில் இல்லை, ஆகவே பில் மெஷினைப் பொறுத்தவரை அவர்கள் வரவே இல்லை. அட்டவணையிலும் வரைபடத்திலும் இது தெரியாது. ஆனால் பில் மெஷினில் இன்னொரு தகவல் கிடக்கிறது: அன்றைய கடைசிச் சோற்றுப் பில்லின் நேரம். வழமையாக வியாழனில் கடைசிப் பில் 2.30 அளவில் விழும். இந்த இரண்டு வியாழனும் 1.10க்கே விழுந்திருக்கிறது. ஒன்றரை மணித்தியாலம் கொஞ்சம் குறைய, மதியத்தில் ஆட்கள் வருகிற நல்ல நேரம், கடையில் சோறு இல்லை.

அந்தக் கடைசிப் பில்லின் நேரத்தை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். "சோறு 1.10க்கே முடிஞ்சுது" என்று சொன்னால் எண் பிடிக்காத எந்த முதலாளிக்கும் விளங்கும். அது கடிகாரத்தில் பார்க்கிற விஷயம், கணக்கு அல்ல.

இதில் ஒரு கவனம் வேண்டும். ஒரு நாள் சோறு முந்தி முடிந்தால் உடனே கூட்டச் சொல்லக் கூடாது. பில்களைத் திறந்து பார்த்தால் ஒரே பில்லில் 14 சாப்பாடு இருக்கலாம். முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வந்த வான் ஒன்று இறங்கிச் சாப்பிட்டிருக்கும், அடுத்த கிழமை வராது. அப்படியென்றால் "வியாழன் ஒரு வான் வந்ததால் சோறு முந்தி முடிந்தது" என்று ஒரு வரி எழுதினால் போதும், கேள்வி ஒன்றும் வேண்டாம். நமது கிழமையில் பில்களெல்லாம் இரண்டும் மூன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. இரண்டு கிழமையும் அதே மாதிரி. வருவது வேறு ஒரு கூட்டம், ஒவ்வொரு வியாழனும் வருகிற கூட்டம்.

மறுபக்கம், புதன் குறைந்ததை நம்ப முதல், பில் அடிக்காமல் விற்றதா என்று பார்க்க வேண்டும். கரண்ட் போன நேரத்தில் கைபில் எழுதியிருப்பார்கள், கடன் கொப்பியில் போட்டிருப்பார்கள், அவசரத்தில் காசை வாங்கி லாச்சிக்குள் போட்டிருப்பார்கள். சரிபார்க்கச் சோற்றுச் சட்டியே போதும். புதன் 14 கிலோ போட்டு 71 பில் என்றால், 27 சாப்பாடு, அதாவது ஏறத்தாழ நாலு கிலோ அரிசியின் சோறு மிஞ்சியிருக்க வேண்டும். சமையல்காரரைக் கேட்டால் "காவாசிச் சட்டிக்கு மேலே கிடந்தது" என்றோ, "ஒன்றும் மிஞ்சவில்லையே" என்றோ சொல்வார். இரண்டாவது பதில் வந்தால் கடிதம் எழுத வேண்டியது வேறு விஷயத்தைப் பற்றி. அதை மின்னஞ்சலில் எழுதாமல் நேரில் சொல்வதுதான் மரியாதை.

இவ்வளவும் பார்த்த பிறகு எழுதும் கடிதம் இப்படி இருக்கும். பொருள் வரியில் "வியாழனில் சோறு 1.10க்கே முடிகிறது" என்று போடுகிறேன். கைபேசித் திரையில் அறிவிப்பாகத் தெரிவது அந்த ஒரு வரிதான். "கிழமை அறிக்கை, 23ஆம் கிழமை" என்று போட்டால் அது அங்கேயே செத்துவிடும்.

"வணக்கம் அக்கா. இரண்டு கிழமையாக வியாழனில் மதியச் சோறு 1.10க்கே முடிந்துவிடுகிறது. முந்தி 2.30 வரை போகும். புதனில் அதற்கு மாறாக, காவாசிச் சட்டிக்கு மேலே மிஞ்சுகிறது. இரண்டு நாளும் ஒரே அளவுதான் போடுகிறோம். புதனுக்கு வருகிற ஆட்கள் வியாழனுக்கு மாறியது போலிருக்கிறது. கிளினிக் நாள் ஏதும் மாறியதா? உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தக் கிழமை புதனில் இரண்டு கிலோ குறைத்து, வியாழனில் இரண்டு கிலோ கூட்டிப் பார்ப்போமா? ஓம் அல்லது வேண்டாம் என்று மட்டும் பதில் போடுங்கள். மற்ற நாட்களும் மற்றச் சாப்பாடுகளும் வழமைபோலவே."

எண்கள் இதிலும் இருக்கின்றன. ஆனால் எல்லாம் அவருடைய கடிகாரத்திலும் அரிசி மூட்டையிலும் இருக்கிற எண்கள். கேள்வி ஒன்றே ஒன்று. காரணத்தை நான் அடித்துச் சொல்லவில்லை, அவரிடம் கேட்கிறேன். ஏனென்றால் கிளினிக் மாறியதா என்று பில் மெஷினுக்குத் தெரியாது, காசுமேசையில் இருக்கிறவருக்குத் தெரியும். கடைசி வசனத்தையும் விடக் கூடாது. எச்சரிக்கை மட்டும் அனுப்புகிற வழியின் மௌனத்தில் இருந்த ஐயத்தை அது தீர்த்துவிடுகிறது. ஒன்றும் நடக்காத கிழமையில் அந்த வசனத்தை மட்டும் அனுப்பலாம். கடிதத்தை நிரப்ப வேண்டுமென்று ஒரு செய்தியைத் தேடிப் பிடித்தால், பிறகு உண்மையான செய்தியும் எடுபடாது.

அளவு ஏன் இரண்டு கிலோ? புதனில் நாலு கிலோ மிஞ்சுகிறதுதானே என்று கேட்கலாம். 12 கிலோ போட்டால் 84 சாப்பாடு. 71 போனாலும் வேலையாட்களுக்குப் போதுமான மிச்சம் கிடைக்கும், திடீரென்று நாலைந்து பேர் வந்தாலும் சமாளிக்கலாம். வியாழனில் 16 கிலோ என்றால் 112. அடுத்த வியாழன் கடைசிப் பில் 2.20க்கு, மொத்தம் 104 என்று வந்தால் அளவு பிடிபட்டுவிட்டது. 1.45க்கே 112உம் முடிந்தால் இன்னும் ஒரு கிலோ கூட்டலாம். 2.30 ஆகியும் 95தான் போயிருந்தால் கூட்டியது தேவையில்லை, பழையபடி விடலாம். இந்த மூன்றில் எது நடந்ததென்பதுதான் அடுத்த கடிதத்தின் முதல் வரி.

அனுப்பும் நேரமும் கொஞ்சம் முக்கியம். ஞாயிறு இரவு கடை நிறையும், திங்கள் காலை அதைவிட மோசம். திங்கள் பின்னேரம் மூன்று மணிக்கு மதியக் கூட்டம் வடிந்து, மாலை ரொட்டிக்கு மா குழைக்க முதல் ஒரு இடைவெளி வரும். அப்போது போனால் புதனுக்கு அரிசி அளக்க முன் பதில் வந்துவிடும். மின்னஞ்சல் திறக்கப்பட்டதா என்று காட்டும் கருவிகளை நான் பார்ப்பதில்லை. 2021இலிருந்து ஆப்பிள் கைபேசிகளின் மின்னஞ்சல் செயலியில், ஆள் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடும் வசதி இருக்கிறது. ஆகவே திறந்தார் என்று அது காட்டுவதை நம்ப முடியாது. ஓம் என்றோ வேண்டாம் என்றோ வருகிற பதிலும், புதன் சட்டியில் போன அரிசியும்தான் கணக்கு.

கடிதத்துக்கும் குறை உண்டு. எழுதுகிறவரின் அபிப்பிராயம் அதற்குள் புகுந்துவிடும். எனக்குச் சோறு முக்கியமாகப் பட்டால் சோற்றைப் பற்றியே எழுதுவேன், இரவுக் கொத்து மெல்ல மெல்லச் சரிவது கண்ணில் படாது. மெல்லச் சரிவதை இரண்டு கிழமை விதியும் பிடிக்காது. மாதத்துக்கு ஒன்றிரண்டு குறைந்தால், கிழமைக்குக் கிழமை வரும் வழமையான ஏற்ற இறக்கத்துக்குள் அது மறைந்துவிடும், எட்டுக் கிழமை வரிசையும் கூடவே இறங்கிக்கொண்டு போகும், எல்லையைத் தாண்டியதாகவே தெரியாது. அதற்காக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, போன வருடத்தின் அதே மாதத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு அதையும் வசனத்தில்தான் எழுதுவேன்: "போன வருடம் இந்த நேரம் சனிக்கிழமை இரவில் கொத்துக்கு இரண்டு ஆள் நின்றார்கள், இப்போது ஒருவரே போதுமாக இருக்கிறது."

இன்னொன்று, எழுதுகிற ஆள் போய்விட்டால் கடிதமும் போய்விடும். அந்த அரை மணித்தியாலத்துக்கு யாரும் கிடைக்காத கடைக்கு, நான்கில் இரண்டாவதாக நான் சொல்வது எச்சரிக்கை வழியை. ஆனால் எண்ணிக்கைக்கு எச்சரிக்கை வைக்காமல், கடைசிச் சோற்றுப் பில் 1.30க்கு முந்தி விழுந்தால் மட்டும் ஒரு வரி அனுப்பச் சொல்லி வைத்தால் போதும். அதில் பொய் எச்சரிக்கை குறைவு. சோறு முடிந்தது என்பது முடிந்ததுதான். ஏன் முடிந்தது என்பதை அக்காவே பார்த்துக்கொள்வார். சோறு மிஞ்சுகிற பக்கத்தை இந்த வழி சொல்லாது. அதைச் சட்டி கழுவுகிறவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அட்டவணையைத் தூக்கி எறியவும் வேண்டாம். வங்கியில் கடன் கேட்கப் போனாலும், கூட்டாளி ஒருவர் காசு போட்டிருந்தாலும், வரிக் கணக்கு எழுதுகிறவர் கேட்டாலும் அதுதான் வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை அது நேரே கணக்கெழுதுகிறவரின் மின்னஞ்சலுக்குப் போகட்டும். அக்காவின் பெட்டிக்கு வர வேண்டியதில்லை. வரைபடத்தை மட்டும் நான் எந்தக் கடைக்கும் பரிந்துரைப்பதில்லை.